ஒரே புல எண், இரண்டு கிராமங்கள்: சீர்காழி வட்டத்தில் ஒரு பட்டா மாறுதல் மனு சென்ற வழி

ஒரு குடும்பத்தின் நிலப் பட்டா மாறுதல் மனு முதலில் எங்கே தவறிப்போனது, பின்னர் எப்படிச் சரியான இடத்தைச் சேர்ந்தது என்பதைத் தொடக்கம் முதல் முடிவு வரை இங்கே பதிவு செய்கிறேன். மாவட்டம், கோட்டம், வட்டம், குறுவட்டம், கிராமம் என்று ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்திருக்கும் நிர்வாக அடுக்குகளை முகவரியின் வரிகளாக மட்டும் பார்த்தால் என்ன நேரும் என்பதை இந்த நிகழ்வு தெளிவாகக் காட்டுகிறது. வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு இந்த மனு இடையில்தான் வந்து சேர்ந்தது. குடும்பத்தாரின் பெயர், ஊரின் பெயர் எதையும் குறிப்பிடவில்லை. புல எண்ணையும் பரப்பளவையும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

நிலம் கொள்ளிடத்துக்குத் தெற்கே, சீர்காழி வட்டத்தில் இருக்கிறது. 1 ஏக்கர் 20 சென்ட் நஞ்சை, வாய்க்கால் பாசனம். குடும்பத்தின் பெரியவர் அதை 1968-இல் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் கிரயம் வாங்கினார். அவருக்கு இரண்டு மகன்கள், ஒரு மகள். உயில் எதுவும் எழுதாமல் அவர் இறந்தார். மூத்த மகனும் பின்னர் இறந்துவிட்டார். நிலம் இளைய மகனின் சாகுபடியில் இருந்தது. பட்டா மட்டும் பெரியவர் பெயரிலேயே பல ஆண்டுகள் நீடித்தது. வரி கட்டப்பட்டு வந்ததாலும் விளைச்சலில் பங்கு முறையாகப் போய்ச் சேர்ந்ததாலும், பெயர் மாற்ற வேண்டும் என்ற நெருக்கடி யாருக்கும் ஏற்படவில்லை.

இந்த நிலத்தின் மேலிருந்த மாவட்டம் இக்காலத்தில் இருமுறை மாறியது. 1968-இல் அது தஞ்சாவூர் மாவட்டம். 1991-இல் நாகப்பட்டினம் தனி மாவட்டமானபோது சீர்காழி வட்டம் முழுவதும் அதனுள் சென்றது. 2020 டிசம்பர் 28 அன்று மயிலாடுதுறை மாவட்டம் செயல்படத் தொடங்கியபோது அதே வட்டம் மீண்டும் இடம் மாறியது. வட்டம் நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்த காலத்தில் சீர்காழியிலிருந்து ஆட்சியர் அலுவலகத்துக்குக் கடலோரச் சாலையில் போகிறவர் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. தம் மாவட்டத் தலைநகருக்குச் செல்ல வேறொரு ஆட்சிப் பகுதியினூடே பயணம் செய்ய வேண்டிய அந்த நிலை, தனி மாவட்டக் கோரிக்கைக்கு அடிப்படையான காரணங்களில் ஒன்று என்பதை அந்தப் பகுதியினர் நன்கு அறிவார்கள்.

மாவட்டத்துக்கும் வட்டத்துக்கும் இடையில் இருப்பது கோட்டம். பழைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் நாகப்பட்டினம், மயிலாடுதுறை என இரண்டு கோட்டங்கள் இருந்தன. சீர்காழி வட்டம் மயிலாடுதுறைக் கோட்டத்தின்கீழ் இருந்தது. புதிய மாவட்டத்தில் மயிலாடுதுறை, குத்தாலம், சீர்காழி, தரங்கம்பாடி என நான்கு வட்டங்கள் அமைந்தன. மயிலாடுதுறைக் கோட்டத்தோடு சீர்காழிக் கோட்டமும் சேர்ந்து கோட்டங்கள் இரண்டாயின. ஆகவே இந்தக் குடும்பத்தின் நிலத்துக்கு மேலே மாவட்டம், கோட்டம் ஆகிய இரண்டு அடுக்குகளுமே சில மாதங்களுக்குள் மாறிவிட்டன. வட்டம், குறுவட்டம், வருவாய் கிராமம், புல எண் ஆகிய கீழ் அடுக்குகளில் எந்த மாற்றமும் இல்லை.

மனு முதலில் சென்ற வழி

2021-இன் தொடக்கத்தில் பெரியவரின் மகள், வாரிசுகள் அனைவரின் பெயரிலும் கூட்டுப் பட்டா வேண்டும் என்று இ-சேவை மையத்தின் வழியாக விண்ணப்பித்தார். கிரயப் பத்திரத்தின் மூலப் பிரதி இளைய சகோதரரிடம் இருந்தது, அவர் கொடுக்கவில்லை. எனவே குடும்ப அட்டையில் உள்ள ஊர்ப் பெயரையும், தாயார் சொல்லிக் கேட்டிருந்த 112/3 என்ற புல எண்ணையும் வைத்துக்கொண்டு விண்ணப்பம் நிரப்பப்பட்டது. மாவட்டத்தைத் தேர்ந்து, வட்டத்தைத் தேர்ந்து, கிராமங்களின் பட்டியல் வந்தபோது குடும்ப அட்டையில் இருந்த அதே பெயர் பட்டியலிலும் இருந்தது. அதையே தேர்ந்தார்கள்.

சில வாரங்களில் மனு நிராகரிக்கப்பட்டது. மேற்படி புல எண்ணில் உள்ள நிலம் வேறொருவர் பெயரில் பட்டாவாக உள்ளது, மனுதாரருக்கோ அவருடைய தந்தைக்கோ அந்த நிலத்தில் உரிமை இருப்பதாக ஆவணம் எதுவும் இல்லை என்று காரணம் எழுதப்பட்டிருந்தது. அந்த வரியைப் படித்த குடும்பத்துக்கு ஏற்பட்ட அதிர்ச்சியை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. “அப்பா வாங்கின நிலத்த யாரோ பேர் மாத்திக்கிட்டாங்க ஐயா” என்றுதான் அந்த அம்மையார் என்னிடம் பேச்சைத் தொடங்கினார்.

என்னிடம் வருவதற்கு முன்பே அவர்கள் இரண்டு காரியங்களைச் செய்திருந்தார்கள். நில அபகரிப்பு என்று குற்றம் சாட்டி மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனுவை அஞ்சலில் அனுப்பியிருந்தார்கள். ஆதார் அட்டையில் நாகப்பட்டினம் மாவட்டம் என்று இருந்ததால் அந்த மனு நாகப்பட்டினத்துக்குப் போய், அங்கிருந்து மயிலாடுதுறைக்கு அனுப்பப்பட்டு, பின்னர் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. இரண்டாவதாக, கொள்ளிடம் வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்குச் சென்று தங்கள் ஊரின் நிலப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நிலப் பதிவேடு அங்கே இருப்பதில்லை என்று சரியான பதிலையே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நிராகரிப்பு ஆணையை எதிர்த்துக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்வதற்கான வரைவும் தயாராக இருந்தது.

கவனித்தவை

அந்த வரைவைப் படிப்பதற்கு முன் நிராகரிப்பு ஆணையில் இருந்த பரப்பளவைப் பார்த்தேன். 0.31.0 ஹெக்டேர் என்று இருந்தது. குடும்பம் சொல்லும் 1 ஏக்கர் 20 சென்ட் என்பது ஏறத்தாழ 0.48.5 ஹெக்டேர். நிலத்தை ஒருவர் முழுவதுமாகத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டிருந்தால் பரப்பு அப்படியே இருக்க வேண்டும். ஒரு பகுதியை மட்டும் மாற்றியிருந்தால் உட்பிரிவு எண் கூடியிருக்க வேண்டும். இங்கே உட்பிரிவு எண் அதேதான். பரப்பு மட்டும் வேறு. அபகரிப்பு நடந்திருந்தால் இந்தப் பொருத்தமின்மைக்கு இடமில்லை. இது வேறு நிலமாகவே இருக்கலாம் என்ற ஐயம் அங்கே தொடங்கியது.

அடுத்ததாக, கிராம நிலங்களின் அடிப்படைக் கணக்கான அ பதிவேட்டின் நகலையும் புல வரைபடத்தையும் பார்த்தோம். eservices.tn.gov.in தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் ஆகியவற்றைக் கொடுத்தால் இவற்றைக் காண முடியும். அந்த 112/3 பதிவேட்டில் புஞ்சை என்று இருந்தது. குடும்பத்தின் நிலமோ தலைமுறையாக நெல் விளையும் நஞ்சை. புல வரைபடத்தின்படி கிழக்கு எல்லையில் வண்டிப்பாதை இருந்தது. அந்த அம்மையாரோ, சிறு வயதில் வாய்க்காலைத் தாண்டித்தான் வயலுக்குள் இறங்குவோம், பாதை எதுவும் பக்கத்தில் இல்லை என்றார். பரப்பு, நில வகை, எல்லை ஆகிய மூன்றும் ஒத்துப்போகாத நிலையில் இது அவர்களுடைய நிலம் அன்று என்பதில் எனக்கு ஐயம் இருக்கவில்லை.

பிறகு பத்திரத்தின் நகல் தேவைப்பட்டது. மூலப் பத்திரம் கையில் இல்லாவிட்டாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் பெறலாம். இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பதிவுத் துறைக்கென்று பதிவு மாவட்டம், சார்பதிவகம் என்ற தனி எல்லைகள் உண்டு. அவை வருவாய் மாவட்டத்தின் எல்லைகளோடு ஒத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1968-ஆம் ஆண்டுப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் வருவாய் மாவட்டம் தஞ்சாவூர் என்றும், பதிவு மாவட்டம் மாயூரம் என்றும் இருந்தது. மாயூரம் என்பது மயிலாடுதுறையின் அன்றைய பெயர், 1982-இல்தான் மாற்றினார்கள். அதற்குக் கீழே சீர்காழி தாலுக்கா, வருவாய் கிராமத்தின் எண்ணும் பெயரும், சர்வே நம்பர் 112/3, நான்கெல்லை ஆகியவை எழுதப்பட்டிருந்தன.

அந்தக் கிராமத்தின் பெயர் குடும்ப அட்டையில் இருந்த பெயர் அன்று. குழப்பத்தின் வேர் அதுதான். அந்தக் குடும்பம் வாழும் குடியிருப்பு ஒரு வருவாய் கிராமத்துக்குள் இருக்கிறது. அதை இங்கே மேற்குக் கிராமம் என்று அழைக்கிறேன். அதையும் அதற்கு அடுத்துள்ள மற்றொரு வருவாய் கிராமத்தையும் சேர்த்து ஒரே கிராம ஊராட்சி அமைந்திருக்கிறது. அந்த ஊராட்சிக்கு இரண்டாவது கிராமத்தின் பெயரே இடப்பட்டிருக்கிறது; இது கிழக்குக் கிராமம். வீட்டு வரி, குடிநீர், குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை ஆகிய எல்லாவற்றிலும் ஊராட்சியின் பெயரே வருவதால், நாற்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் தங்கள் ஊரைக் கிழக்குக் கிராமம் என்றே அறிந்திருக்கிறார்கள். வயல் மட்டும் பதிவேட்டில் மேற்குக் கிராமத்தில் இருக்கிறது. இரண்டு கிராமங்களிலும் 112 என்ற புலம் உண்டு. இரண்டிலும் அதற்கு 3 என்ற உட்பிரிவு உண்டு. புல எண்கள் ஒவ்வொரு வருவாய் கிராமத்திலும் ஒன்று முதல் தொடங்குவதால் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. கிராமத்தின் பெயரைச் சேர்க்காத புல எண் எந்த நிலத்தையும் குறிக்காது.

இவ்விடத்தில் இரண்டு தனித்தனி வரிசைகள் இருப்பதை விளக்க வேண்டியிருக்கிறது. நிலத்துக்கான வரிசை வருவாய்த் துறையினுடையது: மாவட்டம், கோட்டம், வட்டம், குறுவட்டம், வருவாய் கிராமம். குடியிருப்பவர்களுக்கான சாலை, குடிநீர், விளக்கு ஆகியவற்றின் வரிசை ஊரக வளர்ச்சித் துறையினுடையது: மாவட்டம், ஊராட்சி ஒன்றியம், கிராம ஊராட்சி, குக்கிராமம். இரண்டும் மாவட்டத்தில்தான் ஒன்றாகச் சந்திக்கின்றன. அதற்குக் கீழே எல்லைகள் தனித்தனியாகப் பிரிகின்றன. மயிலாடுதுறை மாவட்டத்திலேயே வட்டங்கள் நான்கு, ஒன்றியங்கள் ஐந்து. சீர்காழி வட்டத்துக்குள் சீர்காழி, கொள்ளிடம் என இரண்டு ஒன்றியங்கள் இருக்கின்றன. தரங்கம்பாடி வட்டத்தில் இருப்பவருக்கு ஒன்றியத்தின் பெயர் செம்பனார்கோவில். மாநில அளவில் வருவாய் கிராமங்கள் 16,000-க்கும் மேல். கிராம ஊராட்சிகளோ ஏறத்தாழ பன்னிரண்டரை ஆயிரம்தான். ஆகவே பல ஊராட்சிகளுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட வருவாய் கிராமங்கள் இருந்தே தீர வேண்டும், அவற்றில் ஒன்றின் பெயர்தான் ஊராட்சிக்கு வரும்.

வருவாய் வரிசையிலும் மாநிலத்துக்கு மாநிலம் பெயர்கள் வேறுபடுகின்றன. இங்கே குறுவட்டம் அல்லது பிர்க்கா என்பது கர்நாடகத்தில் ஹோப்ளி. ஆந்திரத்தில் 1985-இல் பெரிய தாலுக்காக்களைக் கலைத்து அவற்றுக்குப் பதிலாகச் சிறிய மண்டலங்களை அமைத்தார்கள். அந்த மாற்றங்களுக்கு இடையிலும் அடியில் இருக்கும் வருவாய் கிராமமும் அதன் புல எண்களும் நிலத்தின் அடையாளமாகத் தொடர்கின்றன.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, மேல்முறையீட்டைக் கைவிடுவது. நிராகரிப்பு ஆணை தன்னளவில் சரியானது. கேட்கப்பட்ட நிலம் கிழக்குக் கிராமத்து 112/3, அது வேறொருவருடையது, அதற்குரிய கிராம நிர்வாக அலுவலர் தம்மிடம் உள்ள கணக்கின்படியே அறிக்கை கொடுத்திருக்கிறார். அந்த ஆணையின்மேல் கோட்டாட்சியரிடம் சென்றால், அவரும் அதே கணக்கைப் பார்த்து அதே முடிவுக்குத்தான் வருவார். அதைவிடப் பெரிய ஆபத்து, சம்பந்தமே இல்லாத ஒரு பட்டாதாரருக்கு அறிவிப்பு சென்று, அவர்மேல் அபகரிப்புக் குற்றம் சாட்டிய பழியும் குடும்பத்தின்மேல் வந்திருக்கும். ஆட்சியருக்கு அனுப்பிய மனுவையும் திரும்பப் பெறுவதாக எழுத்து மூலம் தெரிவிக்கச் செய்தேன்.

இரண்டாவது முடிவு, மேற்குக் கிராமத்தின் பெயரில் புதிய மனு. அதற்கு முன்பாக அந்தக் கிராமத்தின் 112/3-ஐ அ பதிவேட்டில் சரிபார்த்தோம். நஞ்சை, வாய்க்கால் பாசனம், 0.48.5 ஹெக்டேர், பட்டாதாரர் பெயராகப் பெரியவரின் பெயர் என எல்லாம் பத்திரத்தோடு பொருந்தின. 1979-இல் தொடங்கிய யு.டி.ஆர். என்னும் நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது ஏக்கரும் சென்ட்டும் ஹெக்டேராக மாற்றப்பட்டதைத் தவிர வேறு வேறுபாடு இல்லை. யு.டி.ஆர். காலத்தில் உட்பிரிவு எண்கள் மாறிய இடங்கள் பல உண்டு. அப்படிப்பட்ட இடங்களில் பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள தொடர்பை அ பதிவேட்டின் பழைய புல எண் பத்தியில் பார்க்க வேண்டும். இந்தக் குடும்பத்துக்கு அந்தச் சிக்கல் இல்லாமல் போனது நல்வாய்ப்பு.

மூன்றாவது முடிவு, பிரிவினை கேட்காமல் கூட்டுப் பட்டா மட்டும் கேட்பது. உட்பிரிவு தேவைப்படாத பெயர் மாற்றத்துக்குக் கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை, வருவாய் ஆய்வாளரின் பரிந்துரை, மண்டலத் துணை வட்டாட்சியரின் ஆணை என்று பாதை சுருக்கமாக இருக்கும். உட்பிரிவு தேவை என்றால் குறுவட்ட அளவர் வந்து அளந்து, புதிய உட்பிரிவை வரைபடத்தில் ஏற்றி, வட்டாட்சியர் அளவில் ஆணை பெற வேண்டும். வாரிசுகளுக்குள் பாகப்பிரிவினையே எழுதப்படாத நிலையில் அளப்பதற்கு எந்தக் கோடும் இல்லை.

மனுவின் முதல் பக்கத்திலேயே நிலத்தின் இடத்தைப் பழைய நிலை, இன்றைய நிலை என இரண்டாகப் பிரித்து எழுதினோம். பத்திரத்தின்படி தஞ்சாவூர் மாவட்டம், இடையில் நாகப்பட்டினம் மாவட்டம், இப்போது மயிலாடுதுறை மாவட்டம் சீர்காழிக் கோட்டம். மூன்று காலத்திலும் சீர்காழி வட்டம், இன்ன எண் கொண்ட இன்ன வருவாய் கிராமம், புல எண் 112/3 என்று இருந்தது அந்தக் குறிப்பு. குடியிருப்பின் பெயரும் ஊராட்சியின் பெயரும் மனுதாரரின் முகவரியில் மட்டும் வந்தன. நில விவரத்தில் வரவில்லை. வாரிசுச் சான்றிதழில் இறந்தவரின் ஊராகக் கிழக்குக் கிராமம் குறிக்கப்பட்டிருந்ததால், அது அவர் குடியிருந்த ஊராட்சியின் பெயர் என்றும், நிலம் மேற்குக் கிராமத்தில் உள்ளது என்றும் தனிப் பத்தியாக விளக்கம் சேர்த்தோம். விசாரணை செய்யும் அலுவலருக்கு முதல் ஐயம் அங்கேதான் எழும் என்று அறிந்தே அப்படிச் செய்தோம்.

தொடர்ந்து நடந்தவை

புதிய மனு 2021 ஆகஸ்டில் பதிவானது. மேற்குக் கிராமத்தின் நிர்வாக அலுவலர் நிலத்தைப் பார்வையிட்டு, சாகுபடிக் கணக்கான அடங்கலில் சாகுபடி இளைய மகனுடையது என்பதையும் பட்டா பெரியவர் பெயரில் உள்ளது என்பதையும் அறிக்கையாகக் கொடுத்தார். வருவாய் ஆய்வாளரின் விசாரணையில் இளைய மகன் ஆட்சேபம் தெரிவித்தார். நிலத்தை இத்தனை ஆண்டுகள் பயிரிட்டவர் தாம் என்பதும், சகோதரிக்குத் திருமணத்தின்போதே செய்ய வேண்டியதைச் செய்தாகிவிட்டது என்பதும் அவர் வாதம். இரண்டுமே நம் ஊர்களில் அடிக்கடி கேட்கும் வாதங்கள். மனத்தளவில் அவற்றுக்கு ஒரு நியாயம் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இந்து ஒருவர் தம் சொந்தச் சம்பாத்தியச் சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனும் மகளும் சம பங்குக்கு உரியவர்கள். மூத்த மகன் வழியினருக்கு அவருடைய பங்கு போகும். விட்டுக்கொடுத்ததாகப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எதுவும் தாக்கல் செய்யப்படவில்லை. ஆகவே வாரிசுகள் அனைவரின் பெயரிலும் கூட்டுப் பட்டா வழங்க ஆணையானது.

இளைய மகன் 2022-இன் தொடக்கத்தில் மேல்முறையீடு செய்தார். 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பட்டா பாஸ் புத்தகச் சட்டத்தின்படி இத்தகைய ஆணையின்மேல் மேல்முறையீடு வருவாய் கோட்டாட்சியரிடம் செல்லும். அதன்மேல் சீராய்வு மாவட்ட வருவாய் அலுவலரிடம் செல்லும். அவருடைய மனு, பழைய வழக்கத்தின்படி மயிலாடுதுறைக் கோட்டத்துக்கு முகவரியிடப்பட்டிருந்தது. வட்டம் அப்போது சீர்காழிக் கோட்டத்தின்கீழ் வந்துவிட்டதால் மனு அங்கே மாற்றி அனுப்பப்பட்டது. இதனால் எந்தத் தரப்புக்கும் உரிமை போய்விடவில்லை, ஆனால் முதல் விசாரணைக்குக் கூடுதலாகச் சில வாரங்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

கோட்டாட்சியர் இரு தரப்பையும் கேட்டு, வருவாய்ப் பதிவேட்டின் அளவில் கூட்டுப் பட்டா சரியே என்றும், உரிமை பற்றிய தகராறு இருந்தால் உரிமையியல் நீதிமன்றத்தில் தீர்த்துக்கொள்ளலாம் என்றும் ஆணையிட்டார். இந்தக் கடைசிப் பகுதியை அந்தக் குடும்பம் முதலில் தோல்வியாகவே எடுத்துக்கொண்டது. அப்படி எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வட்டாட்சியர் முதல் மாவட்ட வருவாய் அலுவலர் வரை வருவாய் அடுக்கில் யாருக்கும் சொத்துரிமையைத் தீர்மானிக்கும் அதிகாரம் கிடையாது. பட்டா யார் பெயரில் இருக்க வேண்டும் என்பதை மட்டுமே அவர்கள் முடிவு செய்கிறார்கள். மேலே செல்லச் செல்ல அலுவலரின் பதவி உயருகிறது. கேள்வியின் வகை மாறுவதில்லை. சீராய்வுக்கு இளைய மகன் செல்லவில்லை. நீதிமன்றத்துக்கும் யாரும் செல்லவில்லை.

இனி மாற்றிச் செய்ய வேண்டியவை

இத்தகைய மனுவோடு யார் வந்தாலும் இப்போது நான் முதலில் கேட்பது மாவட்டத்தை அன்று. வருவாய் கிராமத்தின் எண்ணையும் பெயரையும்தான். குடும்ப அட்டையிலிருந்து அதை எடுக்கவே கூடாது. கிரயப் பத்திரம், பழைய பட்டா, நிலவரி ரசீது ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றிலிருந்து எடுக்க வேண்டும். எதுவுமே இல்லை என்றால், நிலத்துக்கு நேரில் சென்று அண்டை நிலத்துக்காரரின் பட்டாவைக் கேட்டுப் பார்ப்பது எளிய வழி. பக்கத்து வயல் பெரும்பாலும் அதே வருவாய் கிராமத்தில்தான் இருக்கும். கிராம எல்லையில் உள்ள நிலங்களுக்கு மட்டும் இது பொருந்தாமல் போகலாம், அங்கே புல வரைபடத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

நிராகரிப்பு ஆணை வந்தால், மேல்முறையீட்டை நினைப்பதற்கு முன் அதில் உள்ள பரப்பையும் நில வகையையும் நம் ஆவணத்தோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் பொருந்தி, பெயர் மட்டும் வேறாக இருந்தால் அது உண்மையான தகராறு, மேலே செல்லலாம். பரப்பே பொருந்தாவிட்டால் நாம் வேறொருவர் நிலத்தைக் கேட்டிருக்கிறோம் என்று முதலில் ஐயப்பட வேண்டும். பரப்பில் சிறிய வேறுபாடு மட்டும் இருந்தால், ஏக்கர் கணக்கை ஹெக்டேராக மாற்றியதில் வந்ததா என்று கணக்கிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாவட்டமோ கோட்டமோ பிரிந்த பகுதிகளில், மனு கொடுக்கும் நாளில் எந்த அலுவலருக்கு அதிகாரம் இருக்கிறது என்பதே கணக்கு. ஆவணம் எழுதிய நாளில் யாருக்கு இருந்தது என்பதன்று. பழைய ஆவணங்களில் மாவட்டப் பெயரைத் திருத்தி வாங்க வேண்டும் என்று சிலர் அலைகிறார்கள். அதற்குத் தேவையே இல்லை. 1968-ஆம் ஆண்டுப் பத்திரத்தில் தஞ்சாவூர் என்று இருப்பது அன்றைய உண்மை; அது இன்றும் செல்லும்.

இந்த முறைக்கு ஒரு வரம்பு உண்டு. இங்கே வட்டம் மாறாமல் இருந்ததால் கிராம எண்ணும் மாறாமல் இருந்தது. கிராம எண் வட்டத்துக்கு உள்ளேதான் தனித்த எண். வட்டமே பிரிந்து புதிய வட்டம் உண்டானால் கிராமங்களுக்கு வேறு எண்கள் வரக்கூடும். மயிலாடுதுறை வட்டத்திலிருந்து பிரிந்த குத்தாலம் போன்ற வட்டங்களில் பழைய பத்திரத்தை வைத்துத் தேடுபவர்கள் கிராமப் பெயரையும் புல எண்ணையும் நம்பலாம். கிராம எண்ணை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். நகராட்சி எல்லைக்குள் நகர அளவை முடிந்த இடங்களில் வார்டு, பிளாக், நகரப் புல எண் என்ற வேறு வரிசை வந்துவிடுவதால், அங்கே இந்த ஒப்பீட்டைத் தொடக்கத்திலிருந்து வேறு விதமாகச் செய்ய வேண்டும்.

ஆண்டுதோறும் வட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தியையும் இந்தக் குடும்பம் பயன்படுத்தியிருக்கலாம். குறுவட்டம் வாரியாக நாள் குறித்து, ஒவ்வொரு கிராமத்தின் கணக்குகளும் அந்த நாளில் தணிக்கைக்கு வரும். அந்தக் கிராமத்தின் நிர்வாக அலுவலர் தம் கணக்குகளோடு அங்கேயே இருப்பார். கிழக்குக் கிராமத்தின் நாளில் சென்று கேட்டிருந்தாலும், இந்த நிலம் தம் கணக்கில் இல்லை, பக்கத்துக் கிராமத்தில் பாருங்கள் என்ற பதில் அப்போதே கிடைத்திருக்கக்கூடும்.

இப்போது 112/3 கூட்டுப் பட்டாவாக இருக்கிறது. இளைய மகனே தொடர்ந்து பயிரிடுகிறார். பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்வது பற்றி மூன்று தரப்பும் பேசி வருகிறார்கள். அது முடிந்தபின் குறுவட்ட அளவர் அளந்து உட்பிரிவு செய்ய வேண்டும். வாய்க்கால் ஒரு பக்கம் மட்டுமே இருப்பதால், மூன்று பங்குக்கும் நீர் பாயும்படி கோட்டை எந்தத் திசையில் இழுப்பது என்பதில் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.